ரெஸ்யூமேயின் முதல் நான்கு வரிகள்

ஈயம் தன் ரெஸ்யூமேயை நீட்டியபோதே அவள் "எனக்கு நேரமில்லடா" என்று சொல்லியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அவள் சொல்லவில்லை. எழுதித் தா என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அவளுக்கு உச்சி குளிர்ந்துவிடும். மூன்றாம் ஆண்டு மின்னணுவியல் வகுப்பில் அவளுக்கு ரிக்கார்டு என்றுதான் பெயர். ரிக்கார்டு, அதாவது ஆய்வகக் குறிப்பேடு எழுதுவதில் அவளை அடிக்க ஆளில்லை. அட்டவணை, வரைபடம், முடிவுரை எல்லாம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கும். பாதி வகுப்பு அவளைப் பார்த்து எழுதித்தான் தேர்ச்சி பெற்றது.

ஈயம் அவளுடைய ஆய்வகக் கூட்டாளி. எந்நேரமும் ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் கோலும் கையுமாகத் திரிவதால் அந்தப் பெயர். சட்டைக் கையில் எப்போதும் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். ஒரு மோட்டாரின் சத்தத்தைக் கேட்டே அதற்கு என்ன சீக்கு என்று சொல்லிவிடுவான். அதையே நாலு வரியில் எழுதச் சொன்னால் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

ரெஸ்யூமேயின் தலையில் வரும் சுருக்கத்துக்குச் சம்மரி என்று பெயர். அன்று அவன் எழுதிக்கொண்டு வந்த சம்மரியில் இப்படி இருந்தது: "எனக்கு மோட்டார் ரொம்பப் பிடிக்கும். சின்ன வயதிலிருந்தே வீட்டு மின்விசிறியைக் கழற்றிப் பார்ப்பேன். வேலை கொடுத்தால் நன்றாகச் செய்வேன்."

"என்னடா இது, கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போறியா?" என்றாள்.

"அதான் உன்கிட்ட வந்தேன். எனக்கு இந்த வேலை வேணும் ரிக்கார்டு. எப்படியாவது கொஞ்சம் தேத்திக் குடு."

அவனுக்கு அந்த வேலை வேண்டும் என்பது வகுப்பு முழுக்கத் தெரிந்த சங்கதி. தண்ணீர்ப் பம்புகளுக்கான கட்டுப்பாட்டுப் பலகை செய்யும் கம்பெனி அது. அவன் தினமும் வரும் பேருந்து அதன் வாசல் வழியாகத்தான் போகும். சன்னலோரம் சோதனை மேசைகள் தெரியும் என்பதற்காகவே இடப்பக்க இருக்கைக்கு அடித்துப் பிடித்து ஓடுவான். அந்தக் கம்பெனி இந்த வருடம் இரண்டு பேரை மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்கு எடுக்கிறது. கல்லூரியிலிருந்து எட்டு ரெஸ்யூமே போகும். அதில் நாலு பேரை நேரில் கூப்பிடுவார்கள். போன வருடம் நன்றாகச் செய்த இருவருக்கும் படிப்பு முடிந்ததும் அங்கேயே வேலை என்று இப்போதே உறுதியாகிவிட்டது.

பிளேஸ்மென்ட் மேடம் இதற்காகவே ஒரு மணி நேரம் வகுப்பெடுத்திருந்தார். "நீங்க எல்லாரும் 'கடின உழைப்பாளி, சீக்கிரம் கத்துக்குவேன்'னு எழுதறீங்க. அதைப் படிச்சுப் படிச்சு அங்க உள்ளவங்களுக்குக் கண்ணே அவிஞ்சு போச்சு. உங்களுக்கு வேலை அனுபவம் கிடையாது, அது அவங்களுக்கும் தெரியும். ஆனா லேப்ல ஏதாவது செஞ்சிருப்பீங்கல்ல? அதை எழுதுங்க. என்ன செஞ்சீங்க, எதை வெச்சு செஞ்சீங்க, முன்னாடி எவ்வளவு இருந்தது, அப்புறம் எவ்வளவு ஆச்சு. முதல் நாலு வரியிலயே அது வந்துடணும். அஞ்சாவது வரி வரைக்கும் யாரும் வர மாட்டாங்க." கடைசியாக இன்னொன்றும் சொன்னார். "குழுவா செஞ்சதா இருந்தா, அதுல உங்க கை எதுன்னு சொல்லுங்க. 'நாங்க'ன்னு எழுதினா அவங்களுக்கு யாருன்னு தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளைப் பிடித்து ஆட்டியது. ஏனென்றால், ஈயம் வருவதற்கு இரண்டு நாள் முன்பே அவள் தன்னுடைய சம்மரியை எழுதி முடித்திருந்தாள்.

இருவரும் சேர்ந்து செய்தது மோட்டார் வேகக் கட்டுப்பாடு. மோட்டாரை நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று ஓடு என்றால் அது ஒரே பாய்ச்சலில் ஆயிரத்து முந்நூற்றெண்பது வரை போய், பிறகு கீழே விழுந்து, தள்ளாடித் தள்ளாடி ஆயிரத்துக்கு வரும். அந்தப் பாய்ச்சலைக் குறைக்க வேண்டும். அதற்குப் பி, ஐ, டி என்று மூன்று எண்கள் உண்டு. அவற்றைக் கூட்டிக் குறைத்து மோட்டாரைப் பழக்குவதற்கு ட்யூனிங் என்று பெயர். மூன்று வாரம் அந்த மேசையை விட்டு நகராமல் ட்யூன் செய்தவன் ஈயம். முப்பத்தெட்டு சதவீதப் பாய்ச்சல் ஆறு சதவீதத்துக்கு இறங்கியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து அளவுகளைக் குறித்தாள், வரைபடம் போட்டாள், அறிக்கை எழுதினாள்.

அவளுடைய சம்மரியின் முதல் வரி இது: "மோட்டார் வேகக் கட்டுப்பாட்டு அமைப்பை வடிவமைத்து ட்யூன் செய்து, வேகப் பாய்ச்சலை 38 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைத்தேன்."

குறைத்தேன் என்று தட்டெழுதியபோது விரல் கொஞ்சம் தயங்கத்தான் செய்தது. 'குறைத்தோம்' என்று மாற்றினாள். மேடம் சொன்னது நினைவுக்கு வந்தது. 'அளவுகளைக் குறித்தேன், அறிக்கை எழுதினேன்' என்று போட்டுப் பார்த்தாள். குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டது போல இருந்தது. வகுப்பில் எல்லோரும் தன்னை நோட்டு எழுதுகிற ஆளாகத்தான் பார்க்கிறார்கள் என்ற கோபம் அவளுக்கு வெகுநாளாக உண்டு. கம்பெனியும் அப்படியே பார்த்துவிட்டால்? மறுபடி 'குறைத்தேன்' ஆக்கினாள். ஒரே ஓர் எழுத்துதானே என்று தனக்குத்தானே சமாதானம் வேறு சொல்லிக்கொண்டாள்.

இப்போது ஈயம் எதிரில் நின்றான். ஒரே கம்பெனிக்கு, ஒரே உறையில் போகப்போகும் எட்டு ரெஸ்யூமேயில், முப்பத்தெட்டை ஆறாகக் குறைத்தவர் இரண்டு பேர் இருக்க முடியாது. உண்மையை எழுதினால் அவளுடைய வரியை அழிக்க வேண்டும்.

"வெச்சுட்டுப் போ, மத்தியானத்துக்குள்ள தர்றேன்," என்றாள்.

நூலகக் கணினி அறையில் உட்கார்ந்து பத்தே நிமிடத்தில் எழுதிவிட்டாள். "குழுத் திட்டமாகச் செய்யப்பட்ட மோட்டார் வேகக் கட்டுப்பாட்டு அமைப்பில் உதவினேன். மின்சுற்றுகளை இணைப்பதிலும் சோதனைகளிலும் பங்கேற்றேன். ஆய்வகக் கருவிகளைக் கையாள்வதில் அனுபவம் உண்டு. புதியவற்றைக் கற்கும் ஆர்வம் உள்ளவன்."

இதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. அவன் உதவினானா? உதவினான். பங்கேற்றானா? பங்கேற்றான். யார் வந்து கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்திப் பதில் சொல்லலாம். உண்மையை மட்டும் வைத்து ஒருவன் கழுத்தை அறுக்க முடியும் என்பதை அன்றுதான் அவள் கண்டுகொண்டாள்.

ஈயம் இரண்டு தடவை படித்தான். இரண்டாம் தடவை கொஞ்சம் மெதுவாக.

"நல்லா இருக்கு. டீசன்ட்டா இருக்கு," என்றான். "தேங்க்ஸ் ரிக்கார்டு."

நாலு பேர் பட்டியல் வந்தபோது அவள் பெயர் முதலில் இருந்தது. ஈயத்தின் பெயர் இல்லை.

வீட்டில் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் விற்பனைப் பெண்ணாக நாள் முழுக்க நின்று கால் வீங்கி வருபவள், அன்று நேராகத் துணிக்கடைக்குப் போய் ஒரு வெள்ளைச் சட்டை வாங்கி வந்தாள். "நம்ம வீட்டுல முதல் முதலா ஒருத்தி இன்டர்வியூக்குப் போறா, பழைய சட்டையோடவா அனுப்புவேன்? முப்பத்தெட்டுல இருந்து ஆறாமே! எனக்கு ஒரு மண்ணும் புரியல, ஆனா கடையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்." சட்டையைப் போட்டுப் பார்க்கச் சொல்லி அக்கா விடாமல் நச்சரித்தாள். போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றபோது அவளுக்குத் தன் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. அளவு சரியாக இருக்கிறது என்று சொல்லி உடனே கழற்றிவிட்டாள்.

அதைவிடக் கொடுமை ஈயம் செய்ததுதான். மறுநாள் ஆய்வகத்துக்கு வந்து, "அங்க ப்ராஜெக்ட்டத் தோண்டித் துருவிக் கேப்பாங்களாம். வா, நான் சொல்லித் தர்றேன்," என்றான். இரண்டு மத்தியானம் உட்கார்ந்து, பி எண்ணை ஏற்றினால் என்ன ஆகும், ஐ எண் எதற்கு, டி எண்ணை ஏன் பயந்து பயந்து தொட வேண்டும் என்று மோட்டாரை ஓட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுத்தான். அவன் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். நடுநடுவே "நீ கரெக்டா சொல்லிடுவ, உனக்குப் பேச வரும்" என்று தைரியம் சொன்னபோது அவளால் அங்கே உட்கார முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து வெளியே போனாள். மோட்டார் சத்தம் வராந்தா வரை கேட்டுக்கொண்டிருந்தது. அப்போதே சொல்லிவிடலாம் என்று திரும்பி வந்தாள். அவன் அடுத்த பாடத்தைத் தொடங்கிவிட்டான். சொல்லவில்லை.

கம்பெனியில் அவளைக் கேள்வி கேட்டது சோதனைப் பிரிவின் தலைமைப் பொறியாளர், நாற்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. மேசையில் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் பிரித்துப்போட்ட பம்பு மோட்டார் ஒன்று கிடந்தது. அவளுடைய ரெஸ்யூமேயில் முதல் வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போடப்பட்டிருந்தது.

"வாம்மா, உக்காரு. முப்பத்தெட்டுல இருந்து ஆறு. சின்ன மோட்டார்ல அது நல்ல வேலை. எப்படிப் பண்ணே?"

அவள் சொன்னாள். பி, ஐ, டி என்று ஈயம் சொல்லித் தந்த வரிசையிலேயே, அவன் வார்த்தைகளிலேயே, தங்குதடையின்றி வந்தது. பொறியாளர் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"சரி. மோட்டார் ஓடிட்டு இருக்கு. சுத்தற தண்டைக் கையால அமுக்கிப் பிடிச்சு நிறுத்திட்டேன். அஞ்சு செகண்டு கழிச்சு விட்டுட்டேன். என்ன ஆகும்?"

ஈயம் சொல்லித் தராமல் விட்டது அது ஒன்றுதான். ஆனால் நடந்தது அவளுக்கு நினைவிருந்தது. ஒருநாள் அவன் அப்படியே பிடித்துவிட்டான். விட்டதும் மோட்டார் வெறி பிடித்தது போல ஓடியது. அவன் சிரித்துக்கொண்டே மோட்டாரை ஓட்டும் நிரலில் ஒரு வரி சேர்த்தான். அதற்குப் பிறகு ஒழுங்காக நின்றது. எந்த வரி, ஏன் என்று அவள் கேட்கவில்லை. குறிப்பேட்டில் 'சரிசெய்யப்பட்டது' என்று எழுதினாள், அவ்வளவுதான்.

"ரொம்ப வேகமா ஓடும் மேடம். அப்புறம் அதைச் சரி பண்ணோம்."

"எப்படி?"

தெரியாது, மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒன்றும் கழுத்தைப் பிடித்திருக்க மாட்டார். ஒரு கேள்விக்குப் பதில் வராததால் யாரையும் அனுப்பிவிடுவதில்லை. ஆனால் பத்து நிமிடமாக இன்னொருவன் குரலில் பேசிக்கொண்டிருந்தவளுக்கு அந்த இடத்தில் குரல் தீர்ந்துபோனது.

"தெரியாது மேடம். அதைச் செஞ்சது நான் இல்ல. ட்யூனிங்கும் நான் பண்ணல. என் லேப் பார்ட்னர் பண்ணான். நான் பண்ணேன்னு எழுதிட்டேன்."

பொறியாளர் பென்சிலைக் கீழே வைத்தார். "அவன் பேரும் இந்த எட்டுல இருந்ததா?"

"இருந்தது."

அவர் பக்கத்து அடுக்கிலிருந்து கழித்துவைத்த தாள்களை எடுத்துப் புரட்டினார். நான்காவது தாளில் நிறுத்தி, முதல் வரியைச் சத்தமாகவே படித்தார். "'உதவினேன்.' இதைப் பாத்துட்டு, கூட நின்னு வயர் பிடிச்ச பையன் போலன்னு ஒதுக்கி வெச்சேன். தன்னைப் பத்தி எவனாவது இப்படி எழுதுவானா?"

"அதையும் நான்தான் எழுதினேன் மேடம். அவன் எழுதித் தரச் சொன்னான்."

அவளுக்குக் காது வரை எரிந்தது. வெள்ளைச் சட்டையின் காலர் கழுத்தை அறுத்தது.

"தன்னைப் பத்திக் கூட்டி எழுதறவங்களை நிறையப் பாத்திருக்கேன்," என்றார் பொறியாளர். "இன்னொருத்தனை உக்கார வெச்சுக் குறைச்சு எழுதினதை இப்பதான் பாக்கறேன்."

அவள் எழுந்திருக்கப் போனாள். "எங்க போற? உக்காரு. ட்யூனிங் அவன் பண்ணான். அப்ப நீ என்னதான் பண்ணே?"

"அளவு எடுத்தேன். அப்புறம்..." சொல்லலாமா என்று தயங்கினாள். "ஒரு வாரம் அவன் எவ்வளவு முயற்சி பண்ணியும் வேகம் நடுங்கிட்டே இருந்துச்சு. டி எண்ணைக் கொஞ்சம் ஏத்தினாலே மோட்டார் உதறும். நான் அளவையெல்லாம் வரிசையா வரைஞ்சு பாத்தேன். பத்தொம்பது அளவுக்கு ஒரு தடவை வேகம் சரியாப் பாதியாத் தெரிஞ்சுது. மோட்டார் நெஜமாவே அப்படி நின்னு ஓடாதுல்ல? வேகத்தை அளக்கற தட்டுல இருபது துளை இருக்கு. கழட்டிப் பாத்தா ஒண்ணுல பசை அடைச்சிருந்துச்சு. ஊசியால எடுத்துவிட்டேன். அதுக்கப்புறம்தான் அவனால ட்யூன் பண்ணவே முடிஞ்சுது."

பொறியாளர் அவளையே பார்த்தார். "இதை ஏன் எழுதல?"

"பசையைச் சுரண்டினதை எப்படி மேடம் எழுதறது?"

"என்கிட்ட ட்யூன் பண்றதுக்கு ஆள் இருக்கு. மீட்டர் காட்டறதை நம்பாம, ஏன் இப்படிக் காட்டுதுன்னு கேக்கற ஆளைத்தான் தேடிட்டு இருக்கேன். அது உன் கையிலயே இருந்திருக்கு. அதை விட்டுட்டு அவனோடதை எடுத்திருக்க." அவர் குரலில் கோபத்தைவிட அலுப்புதான் அதிகம். "உன்னை எடுக்கறதா வேண்டாமான்னு எனக்கு இப்பத் தெரியல. யோசிக்கணும். அந்தப் பையன் நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள நாலு வரி எழுதி அனுப்பட்டும். அவன்தான் எழுதணும். நீ பேனாவைத் தொடக் கூடாது."

பேருந்தில் அவளுக்கு அழுகையும் ஆறுதலும் கலந்து வந்தது. சொல்லியாகிவிட்டது, இனி அவன் திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். நன்றாகத் திட்டட்டும். நேராக ஆய்வகத்துக்குப் போனாள். ஈயம் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தான். மோட்டார் பெட்டிக்குள் போயிருந்தது.

"எப்படிப் போச்சு?" என்று முகம் மலரக் கேட்டான்.

அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தன் வரியை, அவன் வரியை, ஏன் அப்படி எழுதினாள் என்பதை, ஒன்றையும் மறைக்காமல். அவன் பெட்டியை மூடி, அதன் மேல் கை வைத்தபடி கேட்டான். சொல்லி முடித்தபோது அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உன்னோடதை நான் அப்பவே படிச்சேன்," என்றான். "பிளேஸ்மென்ட் ரூம்ல எட்டையும் ஒட்டியிருந்தாங்கல்ல."

"படிச்சியா? படிச்சுட்டா எனக்குச் சொல்லித் தந்தே?"

"முதல்ல ஒரு மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் யோசிச்சேன். அந்தப் பசையை நீ கண்டுபிடிக்கலன்னா நான் எதை ட்யூன் பண்ணியிருப்பேன்? நான் சும்மா எண்ணை மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தேன். மூணு வாரம் அதைப் போட்டா யாருக்கும்தான் வந்திருக்கும். உனக்கு எழுதத் தெரியும், நீ பாத்து எழுதினா சரியாத்தானே இருக்கும்? நான் உதவிதான் பண்ணியிருக்கேன்னு அதைப் படிச்சப்பதான் எனக்கே புரிஞ்சுது."

"டேய், அது பொய்டா. நான் உன்னை ஏமாத்தினேன்."

"இல்ல, நான் ப்ராஜெக்ட் சார்கிட்டயும் சொல்லிட்டேன். கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு இந்த மோட்டார் கன்ட்ரோல் வேண்டாம், வேற ஏதாவது ஈசியா குடுங்கன்னு. நேத்தே எழுதிக் குடுத்தாச்சு." பெட்டியைத் தட்டிக் காட்டினான். "அதான் இதைத் திருப்பிக் குடுக்கப் போறேன்."

அவள் எதிர்பார்த்து வந்த திட்டு வரவே இல்லை. திட்டியிருந்தால் அவன் அவளை நம்பவில்லை என்று ஆகியிருக்கும். அவனோ அவள் எழுதிய ஒவ்வொரு வார்த்தையையும் நம்பியிருந்தான். ஒரு வேலையைப் பறித்ததாகத்தான் அவள் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாள். பறித்தது அது மட்டுமல்ல என்று இப்போது தெரிந்தது. அதை எந்த மன்னிப்பால் திருப்பிக் கொடுப்பது என்று அவளுக்கு விளங்கவில்லை.

பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "நாளைக்குப் பத்து மணிக்குள்ள அனுப்பணும். நீதான் எழுதணும். நான் ஒரு வார்த்தைகூடச் சொல்ல மாட்டேன்."

அவன் பேனாவைக் கடித்தான். சன்னலைப் பார்த்தான். மூடிய பெட்டியைப் பார்த்தான். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, உதட்டையும் இறுக்கிக்கொண்டு, எதிர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வெகுநேரம் கழித்து அவன் மெதுவாக ஒரு சொல் எழுதினான், உடனே நிறுத்திக்கொண்டான். நிமிர்ந்து, கூச்சத்தோடு அவள் முகத்தைப் பார்த்தான்.

"ட்யூன் பண்ணது நான்னு எழுதிக்கலாமா?" என்று கேட்டான். "நீ ஒண்ணும் தப்பா நினைச்சுக்க மாட்டியே?"